ஒரே கோட்டில் ஆறு கோழிகள்

வெண்ணந்தூரில் சென்னிமலை என்று விசாரித்தால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். ஒருவர் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர், வயதானவர். மற்றவன்தான் நமக்கு வேண்டியவன். முப்பத்திரண்டு வயது, ஒல்லி. பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, எதிரில் இருப்பவர் முடித்துவைப்பாரா என்று முகத்தைப் பார்க்கிற சுபாவம். அப்பா செல்லமுத்துவும் அம்மாவும் இன்னொருவர் பட்டறையில் விசைத்தறி ஓட்டி அவனைப் பொறியியல் படிக்கவைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். கறுப்பு அங்கியில் அவன் நிற்கும் படம் தறிப்பட்டறைச் சுவரிலேயே ஒன்று தொங்குகிறது. பட்டறை முதலாளியே ஆணி அடித்துக் கொடுத்தார்.

பட்டம் வந்த வேகத்தில் வேலை வரவில்லை. ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்தான். டிவி, செட்டாப் பாக்ஸ், மிக்சி என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பான். திருவிழாக் கடைகளில் விற்கும் டிவி கேம் பெட்டிகளும் வரும். ஜப்பான்காரன் எண்பதுகளில் செய்த ஓர் இயந்திரத்தின் மலிவு நகல்கள் அவை. மேலே கேசட்டைச் செருகி விளையாட வேண்டும். அப்படி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், சண்டைக் காட்சியில் ஆட்கள் கூடிவிட்டால் மினுக்கு மினுக்கென்று மறைகிறார்கள், ஐசி போய்விட்டதா என்று பாருங்கள் என்றார். சென்னிமலை ஐசியை மாற்றினான். மின்சாரம் கொடுக்கும் சப்ளையை மாற்றினான். கேசட்டின் கால்களைத் துடைத்தான். மினுக்கல் போகவில்லை. கடையிலிருந்த வேறொரு பெட்டியில் அதே கேசட்டைப் போட்டால் அதே இடத்தில் அதே மினுக்கல்.

அந்தப் பெட்டியை ஏழு நாள் வைத்திருந்துவிட்டு, இதில் கோளாறே இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். வந்தவர் நம்பவில்லை. ஆனால் சென்னிமலைக்கு அது பிடித்துக்கொண்டது. தேடித் தேடிப் படித்தான்.

டிவியில் படம் மொத்தமாக விழுவதில்லை, மேலிருந்து கீழே கோடு கோடாக விழுகிறது என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பழைய இயந்திரத்தில் நகர்கிற உருவங்களுக்கு ஸ்ப்ரைட் என்று பெயர். எட்டுப் புள்ளி அகலமுள்ள துண்டுகள். அறுபத்து நான்கு துண்டுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். ஒரு கோட்டை வரையும்போதே, அடுத்த கோட்டில் யார் யார் வருகிறார்கள் என்று படம் வரையும் சிப் பட்டியலை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு போகும். கிடைத்தவர்களை ஓர் ஓரமாக எடுத்து வைக்கும். அந்த ஓரத்தில் எட்டுத் துண்டுகளுக்குத்தான் இடம். ஒன்பதாவதாக வந்தது எதுவாக இருந்தாலும் அந்தக் கோட்டில் அது கிடையாது. நினைவகம் விலை கூடிய காலத்தில் அவ்வளவுதான் கட்டுபடியாகியிருக்கிறது.

அப்படியானால் அது மறைந்தே அல்லவா போக வேண்டும், எதற்காக மினுக்க வேண்டும்? அதற்கு விடை சிப்பில் இல்லை, விளையாட்டை எழுதியவன் கையில் இருந்தது. பட்டியலின் வரிசையை அப்படியே விட்டால் பின்னால் நிற்கிறவன் எப்போதும் மறைந்தே கிடப்பான். ஆகவே எழுதியவன் ஒவ்வொரு படத்துக்கும் வரிசையைச் சுழற்றிவிடுகிறான். இந்தப் படத்தில் விடுபட்டவன் அடுத்த படத்தில் முன்னால் வருவான். நொடிக்கு ஐம்பது படம் ஓடுவதால் எல்லோருமே கண்ணுக்குத் தெரிகிறார்கள், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. மினுக்கல் என்பது கோளாறல்ல, யாரோ ஒருவன் யோசித்து எல்லோருக்கும் இடம் பங்கிட்டது என்று தெரிந்த அன்று, கடையை அடைத்துவிட்டு வெண்ணந்தூர் வரை அவன் பைக்கில் பாடிக்கொண்டே போனதாக அவன் மனைவி சௌந்தர்யா இன்றும் சொல்வாள்.

அதன் பிறகு அவனே அந்த இயந்திரத்துக்கு விளையாட்டு எழுதக் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு கட்டளையாக, அந்தச் சிப்பின் மொழியிலேயே.

விஷயம் இவ்வளவில் நின்றிருந்தால் ஒரு பொழுதுபோக்காகப் போயிருக்கும். வளவன் வந்து சேர்ந்தான். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறை, ஒரே பக்கெட். ஊர் அயோத்தியாப்பட்டணம். ஆங்கிலவழியில் படித்தவன், அழகாகப் படம் வரைவான், யாரிடமும் கூசாமல் பேசுவான். வெளிநாட்டில் இந்தப் பழைய இயந்திரத்துக்குப் புதுக் கேசட் போட்டு வாங்கி விளையாடும் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது அவன்தான். ஜெர்மனியில் ஹென்ரிக் என்ற ஒருவர் அப்படிக் கேசட் வெளியிடுகிறார் என்று பிடித்து, கடிதம் எழுதி, சம்மதமும் வாங்கிவிட்டான். வளவன் வீட்டு மாடி அறையில் வேலை தொடங்கியது. செவ்வாய்ப்பேட்டை பழைய சாமான் கடையிலிருந்து ஒரு குண்டு டிவி வாங்கி வந்தார்கள். கடைக்கு விடுமுறை நாட்களிலும் மாலைகளிலும் சென்னிமலை ராசிபுரத்திலிருந்து அங்கே போவான்.

பங்கு பிரித்தது எளிதாக இருந்தது. படமும் கடிதமும் வளவனுக்கு. நிரல் முழுக்கச் சென்னிமலைக்கு. ஆங்கிலத்தில் எழுத இவனுக்கு வரும், ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்குள் பத்துத் தடவை திருத்துவான். அதனால் ஹென்ரிக்கோடு அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வளவன் வந்து சொல்வதுதான் அவனுக்கு ஜெர்மனி.

விளையாட்டு, நாமக்கல் பக்கத்து ஆட்கள் யோசிக்கக்கூடிய விளையாட்டுத்தான். கோழிப்பண்ணை. கூடைக்காரர் ஒருவர் கீழே ஓடி ஓடி முட்டை பிடிக்க வேண்டும். நான்காம் கட்டத்தில் அவரே ஏணியில் ஏறி, ஆறு கோழிகள் குறுக்கும் நெடுக்கும் நடக்கும் கட்டையின் மேல் போய், கோழிகளைத் தாண்டித் தாண்டி முட்டை பொறுக்க வேண்டும். கோழி இடித்தால் ஓர் உயிர் போகும்.

முகப்புத் திரையில் இரண்டு பெயர் வருவதாகப் பேச்சு. ஓவியம் வளவன், நிரல் சென்னிமலை. தமிழிலேயே வர வேண்டும் என்று சென்னிமலை பிடிவாதமாக இருந்தான். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தமிழ் எழுத்து அடங்காது என்பதால் நான்கு நான்கு கட்டங்களாகச் சேர்த்து மூன்று நாள் உட்கார்ந்து தன் பெயரைச் செதுக்கினான். பட்டச் சான்றிதழைத் தவிர, கடைப் பலகையில், ரசீதுப் புத்தகத்தில் எங்குமே அவன் பெயர் அச்சில் வந்ததில்லை. இந்த ஒன்று உலகத்துக்குப் போகும். வேறு எதையும் அவன் அந்த விளையாட்டிடம் கேட்கவில்லை.

நான்காம் கட்டத்தில்தான் வினை வந்தது. ஒரு கோழி பதினாறு புள்ளி அகலம், அதாவது ஒரு கோட்டுக்கு இரண்டு துண்டு. கூடைக்காரருக்கும் இரண்டு. அவரோடு மூன்று கோழிகள் சேர்ந்தால் எட்டு முடிந்துவிடும். கட்டையிலோ கோழிகள் ஆறு. சென்னிமலை கூடைக்காரரை எப்போதும் பட்டியலின் தலையில் வைத்தான், விளையாடுகிறவன் தன்னையே தொலைத்துவிடக் கூடாது அல்லவா. கோழிகளை மும்மூன்றாகச் சுழற்றினான். இந்தப் படத்தில் முதல் மூன்று, அடுத்த படத்தில் மற்ற மூன்று. கட்டையில் கோழிகள் நடுங்கின. ஆனால் ஆறும் தெரிந்தன.

ஹென்ரிக்குக்கு அது பிடிக்கவில்லை என்று வளவன் வந்து சொன்னான். மினுக்கலை எடுக்க முடியுமா என்று கேட்கிறாராம். சென்னிமலை ஒளிக்காமல் சொன்னான். இயந்திரத்தின் வரம்பை யாராலும் எடுக்க முடியாது. வேண்டுமானால் ஒரே கட்டையை இரண்டாக்கி, உயரம் மாற்றி, மேலே மூன்று கீழே மூன்று என்று கோழிகளைப் பிரித்துவிடலாம். ஒரு கோட்டில் எட்டுக்கு மேல் வராது, மினுக்கலும் இராது. கட்டத்தையே திரும்ப அமைக்க வேண்டும், பத்து நாள் கொடு என்றான். எழுதிக் கேட்கிறேன் என்றான் வளவன். அந்த வாரம் சௌந்தர்யாவின் தம்பிக்கு நாமகிரிப்பேட்டையில் கல்யாணம். சென்னிமலை நான்கு நாள் அங்கே பந்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை, மாமனார் வீட்டில் காபியை வைத்துக்கொண்டு ஹென்ரிக்கின் இணையப் பக்கத்தை எதேச்சையாகத் திறந்தான். விளையாட்டை அறிவித்திருந்தார்கள். ஒரு நிமிட வீடியோ. முகப்புத் திரையில் ஒரே ஒரு பெயர் இருந்தது, ஆங்கிலத்தில். ஓவியமும் நிரலும் வளவன். கீழே இரண்டு வரி. ஆரம்பத்தில் உதவிய தொழில்நுட்பரால் தீர்க்க முடியாத மினுக்கலை வளவனே தீர்த்துவிட்டார் என்று பாராட்டியிருந்தார்கள்.

அவன் வீடியோவில் நான்காம் கட்டம் வரும் இடத்தை ஓடவிட்டான். கூடைக்காரர் கட்டையில் ஏறினார். ஆறு கோழிகளும் அவரும் ஒரே கோட்டில், ஆணி அடித்தாற்போல் நடுக்கமின்றி. எண்ணினான். பதினான்கு துண்டு. அந்த இயந்திரத்தில் நடக்கவே நடக்காத காரியம்.

சௌந்தர்யா பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நல்லாத்தானுங்க இருக்குது? கோழி ஒண்ணுகூட மினுக்கலியே."

"அதான் புள்ள கெட்டுது," என்றான்.

கம்ப்யூட்டரில் அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் உண்டு, எமுலேட்டர் என்பார்கள். அதன் அமைப்புகளில் கோட்டுக்கு எட்டு என்ற வரம்பை நீக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதைத் தட்டிவிட்டால் எத்தனை உருவம் வந்தாலும் காட்டிவிடும். வேலை தொடங்கிய முதல் மாதமே, இதை மட்டும் தொடாதே, நம்மை ஏமாற்றிவிடும் என்று வளவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் சென்னிமலைதான்.

அங்கிருந்தே நேராக அயோத்தியாப்பட்டணம் போனான். மாடி அறை திறந்திருந்தது. வளவன் குளித்துக்கொண்டிருந்தான். சென்னிமலை கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்தான். புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. வரிசையைச் சுழற்றும் பகுதியை அழைக்கும் ஒற்றை வரி மட்டும் எடுக்கப்பட்டிருந்தது. அதைக் கேசட்டில் ஏற்றி, நிஜ இயந்திரத்தில் செருகி, குண்டு டிவியைப் போட்டான். கூடைக்காரர் ஏறும்வரை கட்டையில் நான்கு கோழிகள் தெரிந்தன. ஏறியதும் மூன்றுதான். மற்றவை நிரலின் கணக்கில் இருந்தன, நடந்தன, இடித்தன. திரையில் மட்டும் இல்லை. கூடைக்காரர் வெறும் கட்டையில் நடந்து போய், ஒன்றுமில்லாத இடத்தில் இடிபட்டுச் செத்தார். சென்னிமலை மறுபடி ஏற்றினான். மறுபடி செத்தார்.

துண்டோடு வந்த வளவன் டிவியைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். கோபப்படவில்லை, திருதிருவென்று விழிக்கவும் இல்லை. கல்யாணம் நன்றாக நடந்ததா என்று கேட்டான்.

"இது என்னடா?" என்றான் சென்னிமலை.

"வீடியோவுக்குடா. கண்காட்சி வருது, அதுக்குள்ள அறிவிக்கணும்னாரு. வீடியோல மினுக்குனா எவன்டா வாங்குவான்? கேசட் போடறப்ப உன் சமாச்சாரத்தத் திரும்பச் சேத்துக்கலாம்னு இருந்தேன்."

"பேரு?"

வளவன் தலையைத் துவட்டினான். ஹென்ரிக்குக்கு ஒரே ஆளோடு பேசித்தான் பழக்கம், இரண்டு பேர் என்றால் ஒப்பந்தம் சிக்கலாகும், அடுத்த விளையாட்டில் உன் பெயரை முதலில் போடலாம் என்று சொல்லிக்கொண்டே போனான். சென்னிமலை, உதவிய தொழில்நுட்பர் என்று யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டான். வளவன் மறுபடி தலையைத் துவட்டத் தொடங்கினான். மேசை மேல் திறந்து கிடந்த மடிக்கணினியில் வளவனின் கடிதங்கள் இருந்தன. சென்னிமலை கேட்டுக்கொள்ளாமலே கீழே உருட்டினான். வளவன் தடுக்கவுமில்லை.

இரண்டு மாதத்துக்கு முந்திய கடிதம் ஒன்றில் நான்காம் கட்டத்தின் படங்கள் இருந்தன. குண்டு டிவியை வீடியோ எடுத்து, சரியாக மூன்று கோழிகள் விடுபடும் நொடியில் நிறுத்திப் பிடித்த படங்கள். கண்ணால் பார்த்தால் ஆறும் தெரியும், நிறுத்திய படத்தில் மூன்றுதான் இருக்கும். எங்கள் ஊர் ரிப்பேர்காரர் நல்லவர், முடிந்ததைச் செய்கிறார், ஆனால் இப்படிக் கோழிகள் காணாமல் போகின்றன, நானே கற்றுக்கொண்டு சரிசெய்யப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தான். இரண்டு கட்டையாகப் பிரிக்கும் யோசனை எந்தக் கடிதத்திலும் இல்லை.

மினுக்கல் எதனால் என்று தெரியாதவன் அப்படி எழுதியிருந்தால் சென்னிமலைக்கு இவ்வளவு வலித்திருக்காது. தெரியவில்லை என்றால் எந்த நொடியில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் அவன் அந்த நொடியைப் பிடித்திருக்கிறான்.

"இதெல்லாம் தெரிஞ்சேதான் பண்ணிருக்கறயாடா?"

"நீ ஒரு லெட்டர் எழுதிருக்கியா மாப்ள? மூணு வருஷத்துல ஒண்ணு?" என்றான் வளவன், இப்போதுதான் குரல் உயர்த்தி. "ராத்திரி பகலா அவரக் கெஞ்சிப் புடிச்சது யாரு? நீ அந்த டிவி முன்னாடி உக்காந்து வரி வரியா எண்ணிட்டு இருப்ப. நான் இல்லன்னா இது ராசிபுரத்தத் தாண்டியிருக்குமா?"

அதில் உண்மை இருந்தது. சென்னிமலை எழுந்தான். "வாரேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு இறங்கினான். படிக்கட்டில் அந்த வார்த்தை அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

அன்று மாலை அவன் தன் வாழ்நாளில் முதல் முறையாக ஹென்ரிக்குக்கு எழுதினான். சௌந்தர்யாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினான். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கே இழுக்கிறது என்று சரியாகச் சொன்னாள். குறை சொல்லி எழுதவில்லை. அந்த வீடியோ எமுலேட்டரில் வரம்பை நீக்கி எடுத்தது, அந்த நிரல் நிஜ இயந்திரத்தில் இப்படித்தான் ஓடும் என்று, தன்னிடமிருந்த நிரலிலும் அந்த ஒற்றை வரியை நீக்கி ராசிபுரம் கடையின் டிவியில் எடுத்த காட்சியைச் சேர்த்தான். ஒவ்வொரு படத்துக்கும் எந்த மூன்று கோழி வருகிறது என்று வரைந்து விளக்கினான். இரண்டு கட்டை யோசனையையும் எழுதினான். கடைசியில், நிரல் முழுவதும் தான் எழுதியது என்று ஒரே ஒரு வாக்கியம். பத்துத் தடவை திருத்தவில்லை. இரண்டே தடவை.

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். ஹென்ரிக் நன்றி சொல்லியிருந்தார். ஆனால் இதெல்லாம், இவன் கடிதம் வந்த அன்றே அதற்குச் சற்று முன்னால், வளவன் தானாகத் தெரிவித்துவிட்டாராம். வீடியோ அவசரத்தில் எடுத்தது என்று மன்னிப்புக் கேட்டு, கோழிகளை இரண்டு உயரங்களில் பிரிக்கும் அருமையான வழியையும் வளவனே சொல்லி, இரண்டே நாளில் முழு நிரலையும் அனுப்பிவிட்டாராம். நிஜ இயந்திரத்தில் போட்டுப் பார்த்தோம், ஒரு கோழிகூட மினுக்கவில்லை. உங்கள் இருவருக்குள் ஏதோ வருத்தம் என்று வளவன் சொன்னார், அதில் நான் தலையிட முடியாது. நிரல் யாருடையது என்று என்னால் இங்கிருந்து தீர்மானிக்க முடியாது, கடிதங்கள் எல்லாம் அவர் பெயரில்தான் இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் அக்கறையோடு சோதித்ததற்காக, நன்றி என்ற பகுதியில் சோதனை செய்தவர் என்று உங்கள் பெயரைப் போட விரும்புகிறேன். ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

நாட்களைச் சென்னிமலை எண்ணிப் பார்த்தான். இவன் படியிறங்கி ரோட்டைத் தொட்ட அன்றே வளவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். நிரலையும் இரண்டே நாளில் முடித்திருக்கிறான். அவ்வளவுக்கு நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறான்.

சௌந்தர்யா மாவு பிசைந்த கையோடு வந்து நின்றாள்.

"என்னுங்க எழுதிருக்குது?"

"எம்பேரு போடறாங்களாமா. கடைசில, சின்ன எழுத்துல. பாத்துச் சொன்னவன்னு."

அவள் சற்று யோசித்தாள். "பேரு வருதில்லீங்க? உங்கப்பாருகிட்டக் காட்டலாம். அவருக்கு என்ன தெரியப்போவுது, பாத்தவனா எழுதுனவனான்னு."

"எனக்குத் தெரியுமே," என்றான் சென்னிமலை.

அவள் உள்ளே போனாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பதில் எழுதத் தொடங்கினான். முதலில் நீளமாக எழுதினான்: எந்த வருடம் எந்தப் பகுதியை எழுதினான், எங்கே எத்தனை நாள் சிக்கினான், கோழி நடப்பதற்கான கணக்கு எப்படி வந்தது என்று. எழுத எழுத அது மனுக்கொடுப்பது போல ஆகிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் அழித்தான்.

விளையாட்டு நன்றாக ஓடுவதில் மகிழ்ச்சி, என் பெயரை எந்த இடத்திலும் போட வேண்டாம் என்று மட்டும் எழுதி, திருத்தாமல் அனுப்பினான். பிறகு செல்பேசியில் வளவனின் எண்ணை எடுத்தான். விடுதிக் காலத்தில் எடுத்த படம் ஒன்று அதோடு வந்தது, இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பது. அழிக்கவா என்று செல்பேசி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். இன்னொரு முறை உறுதியாகவா என்று கேட்டது. அதற்கும் ஆமாம் என்றான்.